எண்ணூறு வெள்ளி அனுப்பினால் ஊரில் எத்தனை ரூபாய்?

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும்போது ஆகும் செலவு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கட்டணம். அது கடையின் பலகையிலும் ரசீதிலும் தெரியும். இன்னொன்று ரேட்டுக்குள்ளேயே இருக்கும் லாபம். அது எந்த ரசீதிலும் தனியாக வராது. பெரும்பாலானோர் முதலாவதைப் பார்த்தே கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் அதிகமாகக் கழிவதோ இரண்டாவதில்தான்.

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பணம் அனுப்புவதை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள் முதல் கணினித் துறையில் இருப்பவர்கள் வரை, அங்கிருந்து மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிற தமிழர்கள் ஏராளம். அனுப்புவதற்கு அவர்களிடம் மூன்று முக்கிய வழிகள் உள்ளன. தேக்காவிலும் தங்கும் விடுதிகளின் அருகிலும் இருக்கும் பணம் அனுப்பும் கடைகள் ஒன்று. சம்பளம் ஏறும் சிங்கப்பூர் வங்கியின் செயலி இன்னொன்று. பணம் அனுப்புவதற்கென்றே இயங்கும் நிறுவனங்களின் கைபேசிச் செயலி மூன்றாவது.

முதலில் ரேட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடுவில் இருப்பதைச் சந்தை ரேட் என்கிறார்கள். கூகுளில் தேடினால் வரும் எண் ஏறக்குறைய இதுதான். இந்த ரேட்டில் வாடிக்கையாளருக்கு ரூபாய் தர யாருக்கும் கட்டாயமில்லை. கடையோ வங்கியோ இதிலிருந்து சில பைசாவோ ஒரு ரூபாயோ குறைத்துத் தன் ரேட்டை எழுதுகிறது. குறைத்த அந்த அளவுதான் அதன் லாபம். சந்தை ரேட் நாள் முழுதும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், பலகையில் இருக்கும் எண் நல்லதா கெட்டதா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நேற்றைய பலகையோடு ஒப்பிடுவதாலும் பயனில்லை. அதே நிமிடத்துச் சந்தை ரேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு கழிகிறது என்பது தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அறந்தாங்கிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி மனைவியின் கணக்குக்கு 800 வெள்ளி அனுப்புகிறார். சந்தை ரேட் 68 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கழிவும் இல்லாவிட்டால் ஊரில் 54,400 ரூபாய் ஏற வேண்டும். இங்கே வரும் ரேட்டும் கட்டணமும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நிஜத்தில் இவை நாளுக்கு நாள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

அவருடைய வங்கி கட்டணமே இல்லை என்கிறது. ரேட் 66.90. எண்ணூறையும் பெருக்கினால் 53,520 ரூபாய் வருகிறது. அடுத்து, கடை 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 67.60 தருகிறது. கையிலிருக்கும் 800-இல் ஐந்து போக மீதி 795 வெள்ளிக்கு 53,742 ரூபாய். மூன்றாவதாகச் செயலி நிறுவனம் 5 வெள்ளி கட்டணம் எடுத்துக்கொண்டு சந்தை ரேட்டையே தருகிறது. அதில் 54,060 ரூபாய் ஏறும். கட்டணமே இல்லை என்று சொன்ன இடத்தில் 880 ரூபாய் கழிந்திருக்கிறது. கட்டணம் வாங்கிய செயலியில் கழிந்தது 340 ரூபாய்தான். மாதம் ஒருமுறை அனுப்புகிறவருக்கு இந்த 540 ரூபாய் வித்தியாசம் வருடத்தில் 6,480 ரூபாயாகிறது.

இதனால் கட்டணமில்லாத இடத்தை எப்போதும் தவிர்க்க வேண்டும் என்று ஆகாது. அதே தொழிலாளி தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்காக 100 வெள்ளி மட்டும் அனுப்புகிறார் என்றால் கணக்கு தலைகீழாகிறது. வங்கியில் 6,690 ரூபாய் ஏறும். கடையில் 95 வெள்ளிக்கு 6,422 ரூபாய், செயலியில் 6,460 ரூபாய். அனுப்புவது எவ்வளவாக இருந்தாலும் கட்டணம் அதே ஐந்து வெள்ளி. ரேட்டில் கழிவதோ அனுப்பும் தொகையோடு சேர்ந்து வளரும். ஆகவே சிறிய தொகைக்குக் கட்டணம் பாரம், பெரிய தொகைக்கு ரேட் பாரம். மேலே எடுத்துக்கொண்ட எண்களின்படி, ஏறக்குறைய 310 வெள்ளிக்கு மேல் போனால் வங்கியைவிடச் செயலி லாபம். ஏறக்குறைய 483 வெள்ளியைத் தாண்டினால் கடையும் வங்கியை முந்திவிடும். கட்டணம் வாங்கும் இடத்தில் மாதம் இரண்டு தடவை நானூறு நானூறாக அனுப்புகிறவர் அதே வேலைக்கு இரண்டு கட்டணம் கட்டுகிறார் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. கட்டணத்தை விகிதமாக, அதாவது அனுப்பும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே பிரித்து அனுப்புவதால் பெரிய நஷ்டம் வராது.

ஆக, கடைக்காரரிடம் ரேட் என்ன, கட்டணம் என்ன என்று தனித்தனியாகக் கேட்பதில் பயனில்லை. 'என் கையிலிருந்து 800 வெள்ளி மொத்தமாகப் போனால் ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?' என்ற ஒரே கேள்விதான் எல்லாவற்றையும் அடக்கும். செயலிகளிலும் அனுப்பும் கட்டத்துக்கு முந்தைய திரையில் இந்த எண் வந்துவிடும். மூன்று இடத்திலும் அதே பத்து நிமிடத்துக்குள் பார்த்து, எது பெரியதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல செயலிகள் முதல் தடவை அனுப்புகிறவருக்கு மட்டும் ரேட்டை உயர்த்திக் கொடுக்கும். அடுத்த மாதம் அந்த ரேட் இருக்காது. எனவே முதல் முறை நன்றாக இருந்தது என்பதற்காக வருடம் முழுதும் ஒரே செயலியில் இருந்துவிடக் கூடாது. கடைகளில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று உண்டு. பலகையில் எழுதியிருப்பது சில்லறைத் தொகைக்கான ரேட்டாக இருக்கும். மூவாயிரம், நாலாயிரம் வெள்ளி அனுப்புகிறவர் கேட்டால் ஐந்து பத்து பைசா கூட்டித் தருவார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்து கேட்க வேண்டியது, வெள்ளியை ரூபாயாக மாற்றுவது சிங்கப்பூரிலா, இந்தியாவிலா என்பது. கடைகளும் செயலிகளும் வழக்கமாக அங்கேயே மாற்றி ரூபாயாக அனுப்பிவிடும். வங்கியில் பழைய முறையில் ஸ்விஃப்ட் வழியாக அனுப்பும்போது, சிங்கப்பூர் வெள்ளியாகவே அனுப்பு என்று தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்தால் மாற்றும் வேலை ஊரில் இருக்கும் வங்கியின் கைக்குப் போகிறது. அது தன்னுடைய அன்றைய ரேட்டைப் போடும். அதற்கு மேல் நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டியும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து அதன் மேல் 18 சதவீதம் வரி கணக்கிடுவார்கள். 54,000 ரூபாய்க்கு இது சுமார் 97 ரூபாய் வரும். எவ்வளவு சிறிய தொகையானாலும் 45 ரூபாய்க்குக் குறையாது. வழியில் இருக்கும் இடைநிலை வங்கிகளும் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். அனுப்பியவருடைய ரசீதில் ஒரு தொகையும் ஊரில் பாஸ்புக்கில் வேறு தொகையும் இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். ரூபாயில் எவ்வளவு ஏறும் என்று ரசீதிலேயே எழுதித் தரும் வழியில் அனுப்பினால் இந்தக் குழப்பம் வராது.

பணம் எவ்வளவு நேரத்தில் சேரும் என்பது, அது எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது. கடையில் கொடுத்த நோட்டுகள் இந்தியாவுக்குப் போவதில்லை. பல நிறுவனங்கள் இந்திய வங்கி ஒன்றில் ஏற்கெனவே ரூபாயைப் போட்டு வைத்திருக்கும். ரிசர்வ் வங்கி இதற்கென்றே ருபி டிராயிங் அரேஞ்ச்மென்ட் என்ற ஏற்பாட்டை அனுமதித்திருக்கிறது. வளைகுடா, சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்களில் உள்ள நிறுவனங்கள் அதன்படி இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்துக்கொள்கின்றன. தேக்காவில் வெள்ளியைக் கொடுத்ததும் கடைக்காரர் அனுப்புவது ஒரு உத்தரவுதான். இந்திய வங்கி அந்த ரூபாய்க் கையிருப்பிலிருந்து எடுத்து அறந்தாங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறது. அதனால்தான் சில நிமிடங்களில் ஏறுகிறது. ஸ்விஃப்ட் வழியில் கையிருப்பு கிடையாது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கும் அங்கிருந்து மற்றொன்றுக்கும் செய்தி தாவிப் போக வேண்டும். ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும், சிலநேரம் அதற்கு மேலும் ஆகும்.

முன்பெல்லாம் இந்தியாவுக்குள் நடக்கும் கடைசிக் கட்டமும் தாமதப்படுத்தியது. மாலையிலும் விடுமுறை நாளிலும் நெஃப்ட் ஓடாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் வருடத்தின் எல்லா நாளும் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. ஐஎம்பிஎஸ் வழியாக 5 லட்சம் ரூபாய் வரை எந்த நேரமும் உடனே போகும். எனவே இன்று பணம் ஒரு நாளைக்கு மேல் தாமதமானால், இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை என்பது காரணமாக இருக்காது. பெரும்பாலும் அனுப்பிய நிறுவனத்தின் சோதனையில் நிற்கும், அல்லது விவரம் ஏதோ பொருந்தாமல் இருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு விலை உண்டு. விடுமுறை நாள் அதுதான் என்பதால் தொழிலாளர்கள் அன்றுதான் தேக்காவுக்கு வருகிறார்கள். அன்று நாணயச் சந்தை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை முடிந்த ரேட்டை வைத்துக்கொண்டுதான் கடைக்காரர் விற்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் சந்தை எப்படித் திறக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நஷ்டம் வராமலிருக்கச் சில பைசாவைக் கூடுதலாகக் குறைத்துக்கொள்கிறார். வங்கிகளும் செயலிகளும்கூட வார இறுதியில் அப்படிச் செய்வதுண்டு. இந்தியாவில் வங்கிகளுக்கிடையேயான நாணயச் சந்தை காலை 9 மணி முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. சிங்கப்பூர் நேரத்துக்கு அது முற்பகல் 11.30 முதல் மாலை 6 மணி வரை. கைபேசியில் அனுப்பத் தெரிந்தவர் திங்கள் முதல் வெள்ளி வரை மதிய சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பினால், சந்தை திறந்திருக்கும்போது அனுப்புகிறார். ஞாயிறும் புதனும் ஒரே கடையின் ரேட்டைச் சந்தை ரேட்டோடு ஒப்பிட்டு ஒரு மாதம் குறித்து வைத்தால், தன் கடை வார இறுதியில் எவ்வளவு கழிக்கிறது என்பது அவரவருக்கே தெரிந்துவிடும்.

ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அதையும் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்து ரேட் 20 பைசா கூடினால் 800 வெள்ளிக்குக் கிடைக்கும் லாபம் 160 ரூபாய். வீட்டில் அதே நேரம் மூன்று வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய் கடன் நிற்கிறது என்றால், மாத வட்டி 1,500 ரூபாய். ஒரு வாரத்துக்கு அது 350 ரூபாய். ரேட் ஏறியும் குடும்பத்துக்கு நஷ்டம்தான். ரேட் இறங்கிவிட்டால் இரட்டை நஷ்டம். வட்டிக் கடன் இருக்கும் வீட்டுக்குச் சம்பளம் வந்த அன்றே அனுப்புவதுதான் சரி. ஊரில் பணம் நிரந்தர வைப்பாகக் கிடக்கப்போகிறது என்கிறவர் வேண்டுமானால் நல்ல ரேட்டுக்குக் காத்திருக்கலாம்.

நேரமே முக்கியமான சமயத்தில், உதாரணமாக ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கும்போது, உதவக்கூடிய ஒரு வழி 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. சிங்கப்பூரின் பேநவ் முறையையும் இந்தியாவின் யுபிஐ முறையையும் அன்று இணைத்தார்கள். சிங்கப்பூரில் இந்த வசதி உள்ள வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் ஊரில் இருப்பவருடைய யுபிஐ ஐடியைப் போட்டால், பணம் உடனே அவருடைய கணக்கில் ஏறும். நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரைதான் அனுப்பலாம். குடும்பச் செலவுக்கும் அன்பளிப்புக்கும் மட்டுமே இது செல்லும், வியாபாரத்துக்குச் செல்லாது. பெறுகிறவருடைய வங்கியும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். வேகமாகப் போகிறது என்பதற்காக ரேட்டும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ரேட்டைத் தீர்மானிப்பது அனுப்பும் வங்கிதான். அவசரத்துக்கு இதையும் மாதாந்தரத் தொகைக்கு ரேட் நன்றாக உள்ள இடத்தையும் வைத்துக்கொள்வது நல்லது.

ஊரில் வங்கிக் கணக்கு இல்லாத வயதானவர்களுக்கு, ரகசிய எண்ணைச் சொல்லிக் கையில் பணமாக வாங்கும் முறை இன்னும் இருக்கிறது. இதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் கூடாது. ஒருவர் ஆண்டில் 30 தடவைதான் பெறலாம். 50,000 ரூபாய் வரைதான் ரொக்கம் தருவார்கள். பணம் நிமிடங்களில் தயாராகிவிடும் என்றாலும் கணக்கில் போடுவதைவிடப் பொதுவாகச் செலவு அதிகம்.

அனுப்பிய பணம் நின்றுபோவதற்குத் தமிழர்களிடையே ஒரு தனிக் காரணம் உண்டு. அது பெயர். நம் வழக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெண்களுக்குப் புருஷன் பெயர் சேர்கிறது. பாஸ்புக்கில் 'எம். செல்வி' என்று இருப்பவருக்குச் சிங்கப்பூரில் 'செல்வி முருகன்' என்று எழுதி அனுப்பினால், இருவரும் ஒருவரா என்று பார்க்கச் சோதனைப் பிரிவு பணத்தை நிறுத்தி வைக்கலாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து பதிவதுதான் வழி.

அடுத்த இடறல் ஐஎஃப்எஸ்சி எண். பதினொரு எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். பலர் அங்கே ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். வங்கிகள் இணைந்தபோதும் இந்த எண்கள் மாறின. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பாஸ்புக்கைப் பார்த்து எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள் புதிய எண்ணைக் கேட்டு மாற்ற வேண்டும். இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு மேல் கணக்கு வைத்திருப்பவர் தானாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். பழைய கணக்குக்கு அனுப்புவதற்கு முன் ஊரில் ஒரு தடவை வங்கிக்குப் போய் உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போவது. அது வேறொருவருடைய நிஜமான கணக்காக இருந்துவிட்டால் பணம் அங்கே ஏறிவிடும். திரும்ப வாங்குவதற்கு அவர் சம்மதிக்க வேண்டியிருக்கும். புதிய கணக்குக்கு முதல் தடவை சிறு தொகை அனுப்பி, வந்துவிட்டது என்று வீட்டில் சொன்ன பிறகு மீதியை அனுப்புவது இதற்குப் போதுமான காப்பு.

கடையைவிட நல்ல ரேட், கட்டணமும் இல்லை, ஒரு மணி நேரத்தில் பணம் என்று சொல்லி வருகிற உண்டியல்காரர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது குற்றம். இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அப்படி வரும் பணத்தை வாங்குவதும் தவறு. குடும்பத்துக்கு நேரடியாக வரும் ஆபத்து இன்னும் பெரிது. உண்டியல் பணம் ஊரில் யாரோ முன்பின் தெரியாதவருடைய கணக்கிலிருந்து வந்து ஏறும். அது இணைய மோசடியில் பறிபோன பணமாக இருந்தால், போலீஸ் அதைத் தேடிக்கொண்டு வந்து வாங்கியவர் கணக்கை முடக்கிவிடும். சீனாவுக்கு அனுப்பிய பணத்தில் இதே மாதிரி கணக்குகள் முடங்கியதால், 2024 ஜனவரி 1 முதல் வங்கியும் கார்டு நிறுவனங்களும் அல்லாத இடைத்தரகர்கள் வழியாகச் சீனாவுக்குப் பணம் அனுப்புவதைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் நிறுத்தி வைத்தது. ஒரு கடைக்கு உரிமம் இருக்கிறதா என்பதை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

பணம் கொடுத்ததும் ரசீதை வாங்காமல் வெளியே வரக் கூடாது. அதில் ரேட், கட்டணம், ஊரில் ஏற வேண்டிய ரூபாய், பரிவர்த்தனை எண் நான்கும் இருக்க வேண்டும். சொன்ன நேரத்தில் பணம் ஏறவில்லை என்றால், இந்தியப் பக்கத்துக்கான யுடிஆர் எண்ணைக் கடையிலோ செயலியிலோ கேட்டு வாங்கி வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த எண்ணோடு போனால் ஊர் வங்கிக் கிளையில் பணம் வந்ததா, திரும்பிப் போனதா என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.